தண்ணீர்ப் பரிசோதனை முடிவைக் குடியிருப்பவர்களுக்கு மின்னஞ்சலில் எழுதுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கத்துக்காகத் தண்ணீரைப் பரிசோதனைக்குக் கொடுத்தவர்களுக்கும், சங்கங்களுக்கு ஆலோசனை சொல்லும் இளம் வேதியியலாளர்களுக்கும் இந்தப் பக்கம். அறிக்கை கையில் வந்துவிட்டது. அதை வேதியியல் படிக்காத எல்லா வீட்டுக்காரர்களுக்கும் மின்னஞ்சலாக எழுத வேண்டும் என்பதுதான் இங்கே விஷயம்.

விளக்குவதற்காக ஒரு கற்பனைக் குடியிருப்பை எடுத்துக்கொள்வோம். ஏ, பி என்று இரண்டு பிளாக். ஒரே போர்வெல். பிளாக்குக்கு ஒன்றாக இரண்டு சம்ப். மாதிரி எடுத்த இடங்கள்: போர்வெல், இரண்டு சம்ப், இரண்டு பிளாக்கிலும் ஒவ்வொரு சமையலறைக் குழாய். முடிவு இதுதான்: கரைந்த உப்பின் அளவான டி.டி.எஸ். லிட்டருக்கு 1,180 மி.கி., கடினத்தன்மை 480, நைட்ரேட் 62. இவை மூன்றும் எல்லா இடத்திலும் ஏறக்குறைய ஒன்றே. ஈ.கோலை என்ற கிருமி போர்வெல்லிலும் ஏ பிளாக்கிலும் இல்லை. பி பிளாக் சம்பிலும் குழாயிலும் இருக்கிறது, 100 மில்லி லிட்டருக்கு 8. குளோரின் எங்கேயும் இல்லை.

ஆய்வக அறிக்கையை இணைத்து "தங்கள் பார்வைக்கு" என்று அனுப்பினால் போதாதா? எல்லாம் அதிலேயே இருக்கிறதே.

இருக்கிறது, ஆனால் ஆய்வகத்தின் வரிசையில் இருக்கிறது. பெரும்பாலான அறிக்கைகள் நிறம், மணம், கலங்கல் என்று தொடங்கும். அப்புறம் பி.எச்., டி.டி.எஸ்., கடினத்தன்மை, குளோரைடு என்று போகும். கிருமிப் பகுதி கடைசியில், பல நேரம் இரண்டாம் பக்கத்தில் வரும். சில ஆய்வகங்கள் அதைத் தனி அறிக்கையாகவே தருகின்றன.

இதைக் கைப்பேசியில் திறக்கும் வீட்டுக்காரரை நினைத்துப் பாருங்கள். முதல் திரையில் டி.டி.எஸ். 1,180 என்றும் பக்கத்தில் வரம்பு 500 என்றும் தெரியும். இரண்டு மடங்குக்கு மேல்! அவர் அங்கேயே பதறிவிடுவார். வாட்ஸ்அப் குழுவில் சிறுநீரகக் கல் பற்றி அரை நாள் பேச்சு ஓடும். பி பிளாக்கில் ஈ.கோலை இருக்கிறது என்ற வரியை யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். அச்சப்பட வேண்டாத ஒன்றுக்கு அச்சம், அன்றே ஏதாவது செய்ய வேண்டிய ஒன்றுக்கு மௌனம் என்று ஆகிவிடும்.

அறிக்கையை இணையுங்கள், மறைக்க வேண்டியதே இல்லை. ஆனால் மின்னஞ்சலின் வரிசையை ஆய்வகம் முடிவு செய்யக் கூடாது. வாசிப்பவர் தன் சமையலறையில் என்ன செய்ய வேண்டும் என்பதுதான் அதை முடிவு செய்ய வேண்டும்.

எல்லாமே முக்கியமாகத் தெரிகிறது. எதை முதலில் எழுதுவது?

ஒவ்வொரு முடிவையும் எடுத்து, "இதைப் படித்தவர் எப்போதைக்குள் என்ன மாற்ற வேண்டும்?" என்று கேளுங்கள். நம் எடுத்துக்காட்டில் மூன்று விடை வருகிறது.

ஈ.கோலைக்கு விடை: இன்றே. அது மனிதர், விலங்குகளின் குடலில் வாழும் கிருமி. அது தண்ணீரில் இருக்கிறது என்றால் மலம் கலந்த நீர் எங்கிருந்தோ வந்து சேர்கிறது. ஈ.கோலையின் பெரும்பாலான வகைகள் நோய் தருவதில்லை. ஆனால் அது வந்த வழியிலேயே வயிற்றுப்போக்கு, டைபாய்டு, மஞ்சள் காமாலை தரும் கிருமிகளும் வர முடியும். அதனால்தான் அது கண்ணில் பட்டதும் செயலில் இறங்குகிறோம்.

நைட்ரேட்டுக்கு விடை ஆளைப் பொறுத்தது. ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் பால் பவுடர் கரைக்கும் வீட்டில் அதுவும் இன்றைக்கே. நைட்ரேட் குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனைக் குறைக்கும். உதடும் நகமும் நீலம் பாரிக்கும். வளர்ந்தவர்கள் விஷயத்தில் 62 என்பது அன்றே ஆபத்து தரும் அளவு இல்லை. வரம்புக்கு மேல் இருப்பதால் வரும் மாதங்களில் சங்கம் தீர்க்க வேண்டிய வேலை அது. கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

டி.டி.எஸ்., கடினத்தன்மை இரண்டுக்கும் விடை: உடம்புக்காக எதுவும் மாற்ற வேண்டாம். சுவை உப்பாக இருக்கும், கீசரிலும் குழாயிலும் வெள்ளைப் படிவு பிடிக்கும், சோப்பு நுரைக்காது. உலக சுகாதார நிறுவனம் இந்த இரண்டுக்கும் உடல்நல அடிப்படையில் வரம்பு எதுவும் வைக்கவில்லை. இதை மின்னஞ்சலில் ஒரே வரியில், கடைசியில் சொல்லுங்கள். ஆனால் சொல்லாமல் விட்டுவிடாதீர்கள். விட்டால் இணைப்பைத் திறப்பவர் அதைத்தான் முதலில் கண்டுபிடிப்பார்; நீங்கள் எதையோ ஒளித்தீர்கள் என்றும் நினைப்பார்.

அறிக்கையில் டி.டி.எஸ்.ஸுக்கு 500, 2,000 என்று இரண்டு வரம்பு போட்டிருக்கிறது. எதை எழுதுவது?

இந்தியக் குடிநீர்த் தரம் ஐ.எஸ். 10500 (2012) சில பொருள்களுக்கு இரண்டு எண் தருகிறது. முதலாவது, இருக்க விரும்பத்தக்க அளவு. இரண்டாவது, வேறு நீர் ஆதாரம் கிடைக்காத இடத்தில் பொறுத்துக்கொள்ளக்கூடிய உச்ச அளவு. டி.டி.எஸ்.ஸுக்கு 500, 2,000. கடினத்தன்மைக்கு 200, 600. நம் 1,180, 480 இரண்டுமே நடுவில் விழுகின்றன.

நைட்ரேட்டுக்கு அந்த இரண்டாவது எண் கிடையாது. 45 மட்டும்தான், அதற்கு மேல் சலுகை இல்லை. ஈ.கோலைக்கோ எண்ணே இல்லை. 100 மில்லி லிட்டரில் கண்டுபிடிக்கப்படவே கூடாது. எதில் சலுகை உண்டு, எதில் இல்லை என்பதை வைத்தே எது உபத்திரவம், எது ஆபத்து என்று தரத்தை எழுதியவர்கள் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று நான் வாசிக்கிறேன்.

மின்னஞ்சலில் இந்த இரட்டை வரம்பை விளக்க உட்கார வேண்டாம். "உப்பும் கடினத்தன்மையும் விரும்பத்தக்க அளவைவிட அதிகம், ஆனால் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்குள்தான் இருக்கின்றன" என்ற ஒரு வாக்கியம் போதும். எண் வேண்டுபவர் இணைப்பில் பார்த்துக்கொள்வார்.

ஈ.கோலை வெறும் 8 தானே? "சிறிதளவு" என்று எழுதினால் மக்கள் பயப்படாமல் இருப்பார்களே.

"சிறிதளவு" என்று எழுதாதீர்கள். காரணம் இரண்டு.

முதலாவது, அந்த 8 துல்லியமான எண்ணிக்கை இல்லை. பல ஆய்வகங்கள் தண்ணீரைப் பல குழாய்களில் பிரித்து ஊற்றி, எத்தனை குழாயில் கிருமி வளர்கிறது என்று பார்த்து, அட்டவணையிலிருந்து மிகவும் சாத்தியமான எண்ணை எடுக்கின்றன. அறிக்கையில் எம்.பி.என். என்று இருப்பது அதுதான். உண்மையான எண்ணிக்கை அதற்குச் சில மடங்கு கூடவும் இருக்கலாம், குறைவாகவும் இருக்கலாம். அதனால்தான் போன முறை 4, இந்த முறை 8, "இரு மடங்கு ஆகிவிட்டது" என்று எழுதுவதும் தப்பு.

இரண்டாவது, மாதிரி எடுத்த அந்த நிமிடத்தின் நிலைமை மட்டுமே அது. சம்பில் கசிவு இருந்தால், மோட்டார் ஓடும்போது ஒரு எண், மழை பெய்த மறுநாள் வேறு எண். மாதிரி குளிர்ச்சியில்லாமல் ஆட்டோவில் நெடுநேரம் கிடந்திருந்தாலும் எண் மாறும்.

ஆகவே வீட்டுக்காரருக்கு வேண்டிய செய்தி "இருக்கிறது" அல்லது "இல்லை" என்பதே. எண்ணை மின்னஞ்சலின் உடலில் போடவே வேண்டாம். சேர்த்துப் பாருங்கள், "8 தான், போன வருஷம் பக்கத்துக் குடியிருப்பில் 40 இருந்ததாம்" என்ற பேச்சு உடனே தொடங்கும்.

ஒரு சின்ன எச்சரிக்கை. அறிக்கையில் "மொத்தக் கோலிபார்ம்" என்றும் ஒரு வரி இருக்கும். அது மண்ணிலும் இலைதழையிலும் கூட வாழும் கிருமிகளின் ஒரு பெரிய கூட்டம். அது மட்டும் இருந்து ஈ.கோலை இல்லை என்றால், தொட்டி சரியாக மூடப்படவில்லை, சுத்தம் போதவில்லை என்று எழுதலாம். மலம் கலந்திருக்கிறது என்று எழுதக் கூடாது.

எங்கள் அறிக்கையில் நைட்ரேட் 14 என்று இருக்கிறது. வரம்பு 45 தானே, "வரம்புக்குள்" என்று எழுதிவிடலாமா?

அந்த வரியை இன்னொரு முறை பாருங்கள். NO3 என்று இருக்கிறதா, NO3-N என்று இருக்கிறதா? இரண்டாவது என்றால் ஆய்வகம் நைட்ரேட்டை முழுதாக எடை போடவில்லை. அதிலுள்ள நைட்ரஜனின் எடையை மட்டும் தந்திருக்கிறது. நைட்ரேட்டாக மாற்ற 4.43 ஆல் பெருக்க வேண்டும்:

```
14 mg/L NO3-N × 4.43 = 62 mg/L NO3
```

நம் எடுத்துக்காட்டின் 62 தான் அது. 45 என்ற இந்திய வரம்பு முழு நைட்ரேட்டுக்கானது. நைட்ரஜன் கணக்கில் அது ஏறக்குறைய 10. அமெரிக்க வரம்பு நைட்ரஜன் கணக்கில் 10 என்றே எழுதப்பட்டிருக்கிறது; இணையத்தில் தேடுகிறவர்கள் அந்த 10-ஐயும் நம் 62-ஐயும் பக்கத்தில் வைத்து "ஆறு மடங்கு" என்று எழுதுவதும் நடக்கும்.

எளிமையாக எழுதுவதில் எனக்கு மிகவும் கவலை தரும் இடம் இது. 14-ஐ 45-உடன் ஒப்பிட்டு "நைட்ரேட் பாதுகாப்பான அளவில் உள்ளது" என்று அழகான, தெளிவான தமிழில் எழுதிவிட முடியும். படிப்பவருக்குப் புரியும், நம்புவார், பால் பவுடரைக் கரைப்பார். வாக்கியம் எவ்வளவு தெளிவோ அவ்வளவு கேடு. அலகையும் எந்த வடிவத்தில் அளந்தார்கள் என்பதையும் ஆய்வகத்துக்குப் போன் போட்டு உறுதி செய்த பிறகே எழுதத் தொடங்குங்கள்.

"எல்லோரும் தண்ணீரைக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று ஒரு வரி போட்டால் வேலை முடிந்துவிடாதா?

ஈ.கோலைக்கு முடிந்துவிடும், நைட்ரேட்டுக்கு முடியாது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும், நைட்ரேட் ஆவியாகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட மீதித் தண்ணீரில் அது கூடத்தான் செய்யும். அக்கறையுள்ள ஒரு தாய் உங்கள் ஒரு வரியைப் படித்துவிட்டுக் குழந்தைக்கான தண்ணீரை வழக்கத்தைவிட நெடுநேரம் காய்ச்சுவார். நீங்கள் சொன்னதை அப்படியே செய்தவருக்கே தீங்கு.

அதனால் கிருமி, நைட்ரேட் என்று தலைப்பு வைத்துப் பிரிக்காமல், வீட்டில் என்ன இருக்கிறது என்பதை வைத்துப் பிரித்து எழுதுங்கள். பச்சைக் குழந்தை இருக்கும் வீடு, குழாய்த் தண்ணீரை அப்படியே குடிக்கும் வீடு, யூ.வி. மட்டும் உள்ள வடிகட்டி வைத்திருக்கும் வீடு, ஆர்.ஓ. வைத்திருக்கும் வீடு, கேன் வாங்கும் வீடு. ஒவ்வொருவரும் தன் வரியைக் கண்டுபிடித்துப் படித்துவிட்டுச் சமையலறைக்குப் போகலாம். யூ.வி. கிருமியைக் கொல்லும், நைட்ரேட்டைத் தொடாது என்பதை நீங்கள் அவருக்குப் பாடம் நடத்த வேண்டியதில்லை. உங்கள் அறிவுரைக்குள்ளேயே அது அடங்கிவிடும்.

முழு மின்னஞ்சல் எப்படி இருக்கும்? ஒன்று எழுதிக் காட்டுங்களேன்.

நம் எடுத்துக்காட்டுக் குடியிருப்புக்கு நான் இப்படி எழுதுவேன்.

> பொருள்: பி பிளாக் – இன்று முதல் குடிநீரைக் காய்ச்சியே குடிக்கவும். இரண்டு பிளாக்கிலும் – கைக்குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம்
>
> அன்புள்ள குடியிருப்பாளர்களுக்கு,
>
> திங்களன்று எடுத்த தண்ணீர் மாதிரிகளின் முடிவு வந்துவிட்டது. இரண்டு விஷயத்தை இன்றே செய்ய வேண்டும்.
>
> பி பிளாக் வீடுகள்: உங்கள் சம்பிலும் குழாயிலும் கழிவுநீர் கலந்ததற்கு அடையாளமான கிருமி இருக்கிறது. குடிக்கவும், பல் துலக்கவும், பச்சையாகச் சாப்பிடும் காய்கனிகளைக் கழுவவும் காய்ச்சிய தண்ணீரையே பயன்படுத்துங்கள். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டால் போதும். ஆர்.ஓ., யூ.வி. வைத்திருப்பவர்களும் அடுத்த தகவல் வரும்வரை காய்ச்சிக் குடிக்கவும். குளிக்கலாம், துணி துவைக்கலாம். சிறு குழந்தைகள் குளிக்கும்போது தண்ணீரை விழுங்காமல் பார்த்துக்கொள்ளவும். ஏ பிளாக்கில் இந்தக் கிருமி இல்லை.
>
> ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தை உள்ள வீடுகள், இரண்டு பிளாக்கும்: நம் போர்வெல் தண்ணீரில் நைட்ரேட் அனுமதிக்கப்பட்ட அளவைவிட அதிகம் (வரம்பு 45, நமது 62). காய்ச்சினால் இது போகாது. பால் பவுடர் கரைக்கவும் குழந்தைக்குக் கொடுக்கவும் முத்திரையுள்ள கேன் தண்ணீரைக் காய்ச்சி ஆற வைத்துப் பயன்படுத்துங்கள். குழந்தையின் உதடோ நகமோ நீலமாகத் தெரிந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். பெரியவர்களுக்கு இந்த அளவால் உடனடி ஆபத்து இல்லை. கர்ப்பிணிகள் தங்கள் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளவும்.
>
> சங்கம் செய்வது: பி பிளாக் சம்பை ஒட்டிய கழிவுநீர்த் தொட்டியிலிருந்து கசிவு இருக்கலாம் என்று சந்தேகிக்கிறோம், நாளை சோதித்துப் பார்க்கிறோம். கசிவை அடைத்த பிறகு சம்பைக் கழுவி, குளோரின் போடுவோம். அதற்காக ஞாயிறு காலை 8 மணி முதல் மாலை 6 மணி வரை பி பிளாக்கில் தண்ணீர் வராது. நைட்ரேட்டைக் குறைக்கும் வழிகளையும் அவற்றின் செலவையும் அடுத்த பொதுக்குழுவில் முன்வைப்போம்.
>
> தண்ணீரில் உப்பும் கடினத்தன்மையும் அதிகம்தான், ஆனால் அனுமதிக்கப்பட்ட உச்ச அளவுக்குள் இருக்கின்றன. சுவையும் பாத்திரங்களில் வெள்ளைப் படிவும் அதனால்தான்.
>
> அடுத்த தகவல்: திங்கள் மாலைக்குள். முழு அறிக்கை இணைப்பில். சந்தேகங்களுக்குச் செயலாளரைத் தொடர்புகொள்ளவும்.

எண்கள் இரண்டே. நைட்ரேட்டுக்கு மட்டும் எண் கொடுத்ததற்குக் காரணம் உண்டு: "அதிகம்" என்று மட்டும் எழுதினால் பத்து மடங்கா என்று கற்பனை ஓடும். 45-க்கு 62 என்று பார்த்தால் எவ்வளவு என்பது தெரிந்துவிடும்.

பத்திகள் ஒவ்வொன்றும் தனியாக நிற்கும்படி எழுதியிருப்பதையும் கவனியுங்கள். இந்த மின்னஞ்சலை யாரோ வெட்டி வாட்ஸ்அப்பில் போடுவார்கள், அது நிச்சயம். "மேலே சொன்ன பிரச்சினைக்கு" என்று தொடங்கும் பத்தி அங்கே அர்த்தமில்லாமல் போகும். "ஏ பிளாக்கில் இந்தக் கிருமி இல்லை" என்ற வாக்கியம் பி பிளாக் பத்திக்குள்ளேயே இருப்பதும் அதற்காகத்தான்.

செயலாளர் "கழிவுநீர்" என்ற சொல்லை எடுத்துவிடச் சொல்கிறார். வீட்டு விலை குறைந்துவிடுமாம். "தரக் குறைபாடு" என்று மாற்றலாமா?

அவர் கவலை புரிகிறது. அவருக்கும் அந்தக் குடியிருப்பில் வீடு இருக்கிறது. ஆனாலும் மாற்றக் கூடாது. "நீரின் தரத்தில் சிறு குறைபாடு, முன்னெச்சரிக்கையாகக் காய்ச்சிக் குடிக்கவும்" என்று படிப்பவர், அது மாநகராட்சி மழைக்காலத்தில் வழக்கமாகச் சொல்லும் அறிவுரை என்று எண்ணிக் கடந்துவிடுவார். காய்ச்சுவது நேரமும் கேஸும் செலவாகும் வேலை. ஏன் என்று தெரிந்தால்தான் மூன்றாம் நாளும் செய்வார்.

செயலாளருக்கு நீங்கள் விட்டுக்கொடுக்கக்கூடிய இடங்கள் உண்டு. "மலம்" என்ற சொல்லை மின்னஞ்சலில் தவிர்க்கலாம். "கழிவுநீர்" அதே பொருளைத் தருகிறது. சங்கம் என்ன செய்கிறது என்ற பத்தியில் தேதியும் நேரமும் சேர்த்து வலுவாக்கலாம். அதைப் படிப்பவருக்கு, பிரச்சினை கண்டுபிடிக்கப்பட்டுக் கையாளப்படுகிறது என்று தெரியும். எச்சரிக்கையின் அழுத்தத்தை மட்டும் குறைக்க முடியாது.

கசிவு எங்கிருந்து என்று இன்னும் உறுதியாகத் தெரியவில்லை. தெரியாததை எப்படி எழுதுவது?

அளந்ததையும் ஊகித்ததையும் ஒரே வாக்கியத்தில் கலக்காமல் எழுதினால் போதும். நம்மிடம் அளவீடாக இருப்பது: போர்வெல்லில் கிருமி இல்லை, பி சம்பில் இருக்கிறது. ஆகவே போர்வெல்லுக்கும் சம்புக்கும் நடுவிலோ சம்பிலேயோ அது நுழைகிறது. இதை உறுதியாக எழுதலாம். பக்கத்துக் கழிவுநீர்த் தொட்டிதான் காரணம் என்பது, அது அருகில் இருப்பதால் வரும் சந்தேகம். "சந்தேகிக்கிறோம், நாளை சோதிக்கிறோம்" என்று எழுதுங்கள். அந்தத் தொட்டியில் சாயம் கலந்த தண்ணீரை ஊற்றிவிட்டு, சம்பில் நிறம் வருகிறதா என்று பார்ப்பது வழக்கமான சோதனை. நிறம் வந்தால் வழி உறுதி. வராவிட்டால் அந்தத் தொட்டி காரணமில்லை என்று உடனே எழுதிவிடக் கூடாது, மெதுவாகக் கசிகிற சாயம் வந்து சேர நேரம் பிடிக்கும்.

நைட்ரேட் விஷயத்தில் பலர் இங்கேதான் தடுமாறுகிறார்கள். கழிவுநீரிலிருந்து நைட்ரேட்டும் வரும் என்பதால், அதே கசிவுதான் இரண்டுக்கும் காரணம் என்று எழுதத் தோன்றும். ஆனால் நைட்ரேட் போர்வெல்லிலேயே 62 இருக்கிறது, கிருமி தொடாத ஏ பிளாக்கிலும் இருக்கிறது. கழிவுநீர் மண் வழியாக இறங்கும்போது கிருமிகள் பெரும்பாலும் மண்ணில் தங்கிவிடும்; நைட்ரேட் தண்ணீரோடு கரைந்து நிலத்தடிக்குப் போய்ச் சேரும். ஆக இது பெரும்பாலும் அந்தப் பகுதி முழுக்க ஆண்டுக்கணக்கில் இறங்கியதாக இருக்கும். சம்பை அடைத்தாலும் இது போகாது. இதைச் சேர்த்து எழுதிவிட்டால், கசிவு சரியானதும் நைட்ரேட்டும் சரியாகிவிட்டது என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்துவிடுவார்கள்.

மின்னஞ்சல் போனதும் ஒருவர், "என் டி.டி.எஸ். மீட்டர் 90 காட்டுகிறது, நான் ஏன் காய்ச்ச வேண்டும்?" என்று கேட்கிறார். என்ன பதில்?

இது கட்டாயம் வரும் கேள்வி, பதிலை முன்பே தயாராக வைத்துக்கொள்ளுங்கள். அந்தப் பேனா மீட்டர் தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு எளிதாகப் பாய்கிறது என்று பார்த்து, அதிலிருந்து கரைந்த உப்பைக் கணிக்கிறது. கிருமி அதன் கண்ணுக்குத் தெரியவே தெரியாது. கழிவுநீர் கலந்த மழைத் தண்ணீரிலும் அது குறைந்த எண்ணைக் காட்டும்.

ஆர்.ஓ. சவ்வு நன்றாக இருந்தால் கிருமியையும் நைட்ரேட்டில் பெரும்பகுதியையும் தடுக்கும் என்பது உண்மை. ஆனால் வீட்டுக் கருவிகளில் இரண்டு ஓட்டை உண்டு. வடிகட்டிய தண்ணீர் சேரும் தொட்டியும் குழாயும் மாதக்கணக்கில் கழுவப்படாமல் இருக்கும். அப்புறம், சுவைக்காக டி.டி.எஸ். சரிசெய்யும் திருகு வைத்த மாடல்கள் வடிகட்டாத தண்ணீரில் ஒரு பங்கைத் திரும்பக் கலக்கின்றன. அந்தப் பங்கோடு நைட்ரேட்டும் வருகிறது. அவருக்கு இப்படி எழுதலாம்: "உங்கள் மீட்டர் உப்பை மட்டும் அளக்கிறது. கிருமி இருக்கிறதா என்று அதற்குத் தெரியாது. அடுத்த தகவல் வரும்வரை காய்ச்சிக் குடியுங்கள்." கருவியின் உள்ளமைப்பை அவர் கேட்டால் மட்டும் விளக்குங்கள்.

குளோரின் எவ்வளவு போடுகிறோம் என்ற கணக்கையும் சேர்க்கலாமா? வெளிப்படையாக இருக்கும் அல்லவா?

சேர்க்க வேண்டாம், அது பிளம்பருக்கும் மேலாளருக்கும் போக வேண்டிய தனிக் குறிப்பு. 20,000 லிட்டர் சம்பைக் கிருமி நீக்க லிட்டருக்கு 50 மி.கி. வீதம் 1 கிலோ குளோரின் தேவை. பிளீச்சிங் பவுடரில் 25 சதவீதம் குளோரின் இருந்தால் 4 கிலோ. திறந்து வைத்த பழைய பை என்றால் வீரியம் குறைந்திருக்கும், கணக்கு தப்பும். இதை வீட்டுக்காரர்களுக்கு அனுப்பினால், "குடிக்கும் தண்ணீரில் 4 கிலோ பிளீச்சிங் பவுடரா?" என்றுதான் படிப்பார்கள். அந்தத் தண்ணீர் முழுவதும் வெளியேற்றப்படும் என்பது அந்த எண்ணைக் கண்ட பிறகு கண்ணில் படாது. அவர்களுக்கு வேண்டியது ஞாயிறு எத்தனை மணிவரை தண்ணீர் வராது, வந்ததும் குழாயை எவ்வளவு நேரம் திறந்து விட வேண்டும் என்பதே.

மறுபரிசோதனையில் பி பிளாக் சுத்தம் என்று வந்துவிட்டது. "பிரச்சினை தீர்ந்தது" என்று அனுப்பலாமா?

ஒரே ஒரு சுத்தமான மாதிரியை வைத்து அனுப்பாதீர்கள். குளோரின் போட்ட மறுநாள் எடுத்த மாதிரியில் கிருமி இல்லாதது, குளோரின் வேலை செய்தது என்பதைத்தான் காட்டுகிறது. கசிவு நின்றது என்பதைக் காட்டாது. குறைந்தது ஒரு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு மாதிரிகள் அடுத்தடுத்துச் சுத்தமாக வரட்டும். அதோடு குழாயில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மி.கி.யாவது நிற்கிறதா என்று பாருங்கள். போட்ட குளோரின் சில மணி நேரத்தில் காணாமல் போகிறது என்றால் கழிவு இன்னும் உள்ளே வந்துகொண்டிருக்கக்கூடும்.

அப்புறம் எழுதும் மின்னஞ்சல் முதல் மின்னஞ்சலின் எந்த அறிவுரை முடிந்தது, எது முடியவில்லை என்று பெயர் சொல்லிச் சொல்ல வேண்டும். "பி பிளாக்: காய்ச்ச வேண்டிய அவசியம் இனி இல்லை. இரண்டு பிளாக்கும்: கைக்குழந்தைக்குக் குழாய்த் தண்ணீர் வேண்டாம் என்ற அறிவுரை தொடர்கிறது." பொருள் வரியிலேயே இரண்டும் இருக்கட்டும். பொதுவாக "தண்ணீர் பாதுகாப்பானது" என்று அனுப்பினால், நைட்ரேட் அறிவுரையும் அதோடு சேர்ந்து கைவிடப்படும்.

அதே செய்தியை இரண்டு வரியில் அச்சிட்டு லிப்டுக்குப் பக்கத்திலும் ஒட்டச் சொல்லுங்கள். சங்கத்தின் மின்னஞ்சல் பட்டியலில் பெரும்பாலும் வீட்டு உரிமையாளர்களே இருப்பார்கள். தண்ணீரைக் குடிக்கும் வாடகைக்காரர்கள், வீட்டு வேலைக்கு வருபவர்கள், காவலாளிகள் அதில் இருக்க மாட்டார்கள்.